கடைக்கு ஆள் வந்தது எதைப் பார்த்து?

தெருமுனைக் கடை ஒன்று வருடத்தில் விளம்பரத்துக்கென்று ஒதுக்க முடிவது பெரும்பாலும் சில ஆயிரம் ரூபாய்தான். அந்தப் பணத்துக்கு நான்கு பேர் வழி சொல்வார்கள். நோட்டீஸ் அடித்துப் பேப்பருக்குள் வைத்து அனுப்பச் சொல்வார் அச்சகக்காரர். போர்டை மாற்றி உள்ளே லைட் வைக்கச் சொல்வார் போர்டு செய்பவர். பஸ் போகிற வழியில் ஒரு சுவரைப் பிடித்து எழுதிவிட்டால் ஊருக்கே தெரியும் என்பார் பெயின்டர். இனிமேல் எல்லாம் போனில்தான் என்று பேஸ்புக், இன்ஸ்டாகிராம், கூகுள் விளம்பரம் போட்டுத்தர முன்வருவார் நான்காமவர். நால்வரும் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் இந்தத் தெருவில், இந்தத் தொழிலுக்கு எது ஆளைக் கொண்டுவருகிறது என்பதை அவர்களில் யாராலும் சொல்ல முடியாது. கடைக்காரர்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். அதை எப்படி எண்ணுவது என்று ஒரு தையல் கடையை வைத்துப் பார்க்கலாம்.

கடை திருச்சி உறையூரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெண்களுக்கான தையல், முக்கியமாக ப்ளவுஸ். ஆரி வேலை செய்து கல்யாண ப்ளவுஸும் தைத்துக் கொடுப்பார்கள். நடத்துகிற அக்காவுடன் இரண்டு தையல்காரர்கள். இது கணக்குக்காக அமைத்துக்கொண்ட கடை. கீழே வரும் விலைகளும் தலைக்கணக்கும் அப்படியே. அவரவர் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் எல்லாக் கடைக்காரர்களும் செய்வதிலிருந்து தொடங்குவோம். புதிதாக ஒருவர் வந்தால் கேட்பார்கள்.

“எப்படிம்மா நம்ம கடை தெரிஞ்சது?”

“கூகுள்ல பார்த்தேன்க்கா.”

உடனே நோட்டில் கூகுளுக்கு ஒரு கோடு விழும். இங்கேதான் கணக்கு தப்பத் தொடங்குகிறது. அந்தப் பெண் தினமும் பஸ்ஸில் போகும்போது சுவரில் கடையின் பெயரைப் பல மாதங்களாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். பக்கத்து வீட்டுப் பெண் ஒருமுறை பெயரைச் சொல்லியிருக்கலாம். தேவை வந்த அன்று வழியும் போன் நம்பரும் வேண்டியிருந்தது, கூகுளில் பெயரை அடித்தார். கடைசியாகத் தொட்டது மட்டும்தான் அவர் நினைவில் நிற்கிறது. அதனால் இரண்டாவதாக ஒன்றும் கேட்க வேண்டும்: “கூகுள்ல என்னம்மா அடிச்சீங்க, கடைப் பேரையா, தையல் கடைன்னா?” பதில் கடைப் பெயர் என்றால் பெயரை அவர் மனதில் பதித்தது வேறு ஏதோ ஒன்று. பொதுவாகத் தையல் கடை என்று தேடி வந்திருந்தால் அந்த ஆளைக் கொண்டுவந்தது கூகுள்.

எல்லாரிடமும் நின்று கேட்க முடியாது என்றால் இதையே கூகுளின் இலவசக் கணக்கிலும் பார்க்கலாம். கடையை வரைபடத்தில் பதிவு செய்யும் வசதி முன்பு கூகுள் மை பிசினஸ் என்று இருந்தது, 2021 நவம்பரில் பெயர் மாறி கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் ஆனது. பதிவு செய்து, கடை நம்முடையதுதான் என்று உறுதிப்படுத்திவிட்டால், மாதாமாதம் எத்தனை பேர் அதிலிருந்து போன் செய்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்று காட்டும். என்ன சொற்களை அடித்தபோது கடை கண்ணில் பட்டது என்ற பட்டியலும் அதில் இருக்கும். பலர் போன் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். சுவருக்கும் போர்டுக்கும் செலவு செய்பவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சொல் பட்டியலைத்தான். சுவர் எழுதிய பிறகு வரும் மாதங்களில் கடைப் பெயரை அடித்துத் தேடுகிறவர்கள் கூடிக்கொண்டே போனால் சுவர் வேலை செய்கிறது என்று நம்ப இடமுண்டு. சுவர் விளம்பரத்தின் பலனை அளக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

நோட்டீஸை அளப்பது இன்னும் சுலபம். அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ் 1923இல் எழுதிய சயின்டிஃபிக் அட்வர்டைசிங் என்ற புத்தகம் இதைத்தான் வற்புறுத்துகிறது: ஒவ்வொரு விளம்பரத்திலும் ஒரு கூப்பன் வை, அதில் ஒரு அடையாளம் போடு, எந்தக் கூப்பன் எத்தனை திரும்பி வருகிறது என்று எண்ணு. நம் கடைக்கு அந்த அடையாளம் எதுவாகவும் இருக்கலாம். ‘இந்த நோட்டீஸைக் கொண்டுவந்தால் ஃபால்ஸ், ஓரம் அடிப்பது இலவசம்’ என்று போடலாம். பழைய போன் ஒன்றில் தனி சிம் போட்டு, அந்த நம்பரை நோட்டீஸில் மட்டும் அச்சடிக்கலாம். வாட்ஸ்அப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. கீழே உள்ளது போன்ற முகவரியை கியூஆர் கோடாக மாற்றி நோட்டீஸில் அச்சிட்டால், அதை ஸ்கேன் செய்பவரின் செய்திப் பெட்டியில் N1 என்ற எழுத்து தானாகவே வந்து நிற்கும். போர்டில் ஒட்டும் கோடுக்கு B1 என்று வைத்துக்கொள்ளலாம்.

```
https://wa.me/91XXXXXXXXXX?text=N1
```

ஆனால் கூப்பன் எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். நோட்டீஸைப் படித்துவிட்டு, அதை எங்கேயோ வைத்துவிட்டு, நேரே நடந்து வருகிறவர்கள் நிறைய. இன்னொரு பக்கம், எப்படியும் வரவிருந்த பழைய வாடிக்கையாளர் இலவசம் என்றதும் கூப்பனோடு வருவார். இரண்டு பிழையையும் ஒன்றாகத் தாண்ட ஒரு வழி இருக்கிறது: பாதித் தெருக்களுக்கு மட்டும் நோட்டீஸ் போட்டுவிட்டு மீதிப் பாதியை வேண்டுமென்றே விட்டுவிடுவது.

பேப்பர் ஏஜென்ட்டிடம் கேட்டால், பையன்கள் லைன் லைனாகப் பிரித்துக்கொண்டு போடுவதாகச் சொல்வார். நம் கடையைச் சுற்றி நான்கு லைன் இருக்கிறது. இரண்டில் மட்டும் நோட்டீஸ் வைக்கச் சொல்கிறோம். மொத்தம் 1,500 நோட்டீஸ். அச்சும் உள்ளே வைக்கும் கூலியும் சேர்த்து 3,000 ரூபாய் என்று வைப்போம். நோட்டீஸ் போவதற்கு முந்தைய இரண்டு வாரமும், போன பிறகு இரண்டு வாரமும், புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் எந்தத் தெரு என்று மட்டும் கேட்டு எழுத வேண்டும். அளவு எழுதும் நோட்டிலேயே எப்படியும் பெயரும் போன் நம்பரும் எழுதுகிறோம், பக்கத்தில் தெருப் பெயரையும் சேர்த்துவிட்டால் போதும்.

முந்தைய இரண்டு வாரத்தில் நோட்டீஸ் போகவிருந்த லைன்களிலிருந்து புதிதாக 10 பேர், மற்ற லைன்களிலிருந்து 9 பேர் வந்திருந்தார்கள். நோட்டீஸ் போன பிறகு முதல் பக்கம் 22, மறுபக்கம் அதே 9. கூப்பனோடு வந்தவர்கள் 6 பேர்தான். ஆனால் நோட்டீஸ் கொண்டுவந்த ஆட்களாக எடுத்துக்கொள்ள வேண்டியது 12 பேரை. மறுபக்கத்தில் ஏற்ற இறக்கம் இல்லாததால் முகூர்த்தமோ பண்டிகையோ இதற்குக் காரணம் இல்லை என்பதும் தெரிகிறது. 3,000 ரூபாய்க்கு 12 பேர், தலைக்கு 250 ரூபாய்.

அடுத்து இணைய விளம்பரம். அதே கடை பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் இரண்டு வாரத்துக்கு 3,000 ரூபாய் விளம்பரம் போடுகிறது. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 3,540. இந்த வரியைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஆரி ப்ளவுஸ் படங்களைப் பார்த்து 41 பேர் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். போனில் தெரிகிற எண் இந்த 41தான், விளம்பரம் போட்டுத் தந்தவரும் அதைத்தான் காட்டுவார். அதில் பாதிக்கு மேல் ‘ரேட் என்ன’ என்று கேட்டு அதோடு நின்றவர்கள். சிலர் வெளியூர். கடைக்கு வந்தது 9 பேர், அதில் 3 பேர் ஏற்கெனவே நம்மிடம் தைப்பவர்கள். புதியவர்கள் 6. தலைக்கு 590 ரூபாய்.

இங்கேயே நிறுத்தினால் நோட்டீஸ்தான் மலிவு என்று தோன்றும். வந்தவர்கள் என்ன தைத்தார்கள் என்று பார்த்தால் கணக்கு திரும்புகிறது. சாதாரண ப்ளவுஸ் ஒன்றில் கூலி, லைனிங், நூல் எல்லாம் போக 200 ரூபாய் நிற்கிறது என்று கொள்வோம். கல்யாண ஆரி ப்ளவுஸில் 2,000 நிற்கிறது. நோட்டீஸ் பார்த்து வந்த 12 பேரும் சாதாரண ப்ளவுஸ் ஆளுக்கொன்று கொடுத்தார்கள்: 2,400 ரூபாய். போட்ட 3,000கூட வரவில்லை. இணையத்தில் வந்த 6 பேரில் 2 பேர் கல்யாண ப்ளவுஸ், 4 பேர் சாதாரணம்: 4,800 ரூபாய். போட்ட 3,540க்கு மேல் 1,260 லாபம்.

ஆறு மாதம் கழித்து அளவு நோட்டைப் புரட்டினால் கணக்கு இன்னொரு முறை திரும்புகிறது. நோட்டீஸ் ஆட்கள் பக்கத்துத் தெருக்காரர்கள். அவர்களில் 7 பேர் சராசரியாக மும்மூன்று ப்ளவுஸ் மறுபடி தைத்திருக்கிறார்கள்: 4,200 ரூபாய். இணையத்தில் வந்தவர்கள் ஸ்ரீரங்கம், தில்லைநகர் என்று தள்ளி இருப்பவர்கள், அதில் ஒருவர்தான் திரும்பி வந்து மூன்று தைத்தார்: 600 ரூபாய். எல்லாம் கூட்டிக் கழித்தால் நோட்டீஸில் கையில் நிற்பது 3,600, இணையத்தில் 1,860. கல்யாண ப்ளவுஸ் இன்னும் இரண்டு கூடுதலாக வந்திருந்தால் இந்த வரிசையும் மாறியிருக்கும். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் ஒன்றிரண்டு பேர் முடிவையே மாற்றிவிடுவார்கள். அதனால் ஒருமுறை பார்த்துவிட்டு ஒன்றை விட்டுவிடக் கூடாது. அடுத்த முறை நோட்டீஸ் லைன்களை மாற்றிப் போட்டு மறுபடி எண்ண வேண்டும். தலைக்கு எவ்வளவு செலவு என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு நோட்டீஸையும் இணையத்தையும் தரம் பிரிப்பவர்கள் இந்த இரண்டு திருப்பத்தையும் பார்க்காமலே முடிவெடுக்கிறார்கள். அவர்களிடம் வாடிக்கையாளர் நோட்டே இருப்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

நோட்டீஸ் பொய்த்துப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் அதில் எழுதியிருப்பது அல்ல, அது வீடு சேராததே. கட்டு பிரிக்காமலே மூலையில் கிடந்துவிடும். அல்லது ஒரே வீட்டுக்கு மூன்று நான்கு விழும். நோட்டீஸ் போன அன்று காலை அந்த லைனில் தெரிந்த இரண்டு மூன்று வீடுகளுக்குப் போன் செய்து, வந்ததா என்று கேட்டால் போதும். பேப்பர் வாங்காத வீடுகள் இப்போது அதிகம், முக்கியமாக அடுக்குமாடிகளில். அங்கே பேப்பர் லைனை நம்பாமல் காவலாளியிடம் அனுமதி கேட்டு வீட்டுக்கு வீடு கொடுத்தால்தான் உண்டு.

இணையத்தில் பணம் ஓட்டையாக ஒழுகும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: இடம் குறிப்பது. பேஸ்புக் விளம்பரத்தில் ஊர்ப் பெயரை மட்டும் போட்டால், நாம் மாற்றாதவரை ஊரைச் சுற்றிப் பல கிலோமீட்டர் தூரத்துக்கும் அது காட்டும். லால்குடியிலிருந்து ஒரு ப்ளவுஸ் தைக்க உறையூர் வர மாட்டார்கள். வரைபடத்தில் கடை இருக்கும் இடத்தில் குறி வைத்து, வட்டத்தைச் சுருக்க வேண்டும். கூகுள் விளம்பரத்தில் இன்னொரு சிக்கல். தானாக அமைந்திருக்கும் Presence or interest என்ற தேர்வு, அந்த ஊரில் இருப்பவர்களோடு அந்த ஊர்மேல் ஆர்வம் காட்டியவர்களுக்கும் விளம்பரத்தைக் காட்டும். திருச்சியைப் பற்றித் தேடிக்கொண்டிருக்கும் ஒருவர் துபாயிலிருந்து நம் விளம்பரத்தைத் தட்டினாலும் பணம் போகும். Presence என்று மட்டும் மாற்றிவிட வேண்டும். எதற்காக விளம்பரம் என்று கேட்கிற இடத்தில் கொடுக்கும் பதிலும் முக்கியம். லைக் வேண்டும் என்றால் லைக் போடும் வழக்கமுள்ளவர்களாகப் பார்த்துத்தான் காட்டும். கடைக்கு ஆள் வேண்டுமென்றால் செய்தி அல்லது போன் அழைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

போர்டை நோட்டீஸ் மாதிரி நிறுத்திப் போட்டுச் சோதிக்க முடியாது. ஆனால் அது தவறும் இடத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். போர்டு செய்பவர்கள் கைக்கணக்காக வைத்திருப்பது, பத்து அடி தூரத்துக்கு ஒரு அங்குல உயர எழுத்து. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கும். படித்து முடிக்க மூன்று நொடி வேண்டுமென்றால் 33 மீட்டர், அதாவது சுமார் 108 அடி தூரத்திலேயே எழுத்து தெரிய வேண்டும். அதற்கு எழுத்து கிட்டத்தட்ட 11 அங்குலம். கொம்பும் சுழியும் நிறைந்த தமிழ் எழுத்துக்கு அதற்கு மேலும் வேண்டும். பல கடை போர்டுகளில் உரிமையாளர் படம், தெய்வப் படம், மூன்று போன் நம்பர், செய்து தரும் வேலைகளின் பட்டியல் எல்லாம் இடம் பிடித்துக்கொள்வதால் பெயர் நான்கு அங்குலத்தில் ஒடுங்கிவிடுகிறது. இன்னொன்று, கடை முகப்பில் சாலையைப் பார்த்தபடி இருக்கும் போர்டு எதிர்வரிசையில் நிற்பவருக்குத்தான் நேராகத் தெரியும். சாலையோடு வருகிறவருக்கு, சுவரிலிருந்து குறுக்காக நீட்டிய சின்னப் பலகை அதைவிட நன்றாக வேலை செய்யும். புதுப் போர்டு செய்யும்போது தமிழ் எழுத்து மற்ற மொழிகளைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்ற அரசு விதியையும் நினைவில் வைக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்றால் 5:3:2 என்ற அளவைத்தான் சொல்கிறார்கள்.

தையல் கடைக்குப் போர்டின் மதிப்பை ஒரு கேள்வியால் கணிக்கலாம்: புதிதாக வருகிறவர்களில் கடையைத் தாண்டித் தினமும் போகிறவர்கள் எத்தனை பேர்? பாதிக்கு மேல் இருந்தால் மற்ற மூன்றுக்கும் முன்னால் போர்டுக்குத்தான் செலவு செய்ய வேண்டும், ஏனென்றால் ஒருமுறை போட்ட பணம் வருடக்கணக்கில் நிற்கும். முட்டுச்சந்துக்குள் இருக்கும் கடைக்கு எவ்வளவு பெரிய போர்டு வைத்தாலும் பலன் இல்லை. அந்தக் கடைக்கு கூகுள் வரைபடமும் நோட்டீஸும்தான் கை கொடுக்கும்.

சுவரில் எழுதும்போது போன் நம்பரை விட்டுவிடச் சொல்வேன். ஓடுகிற பஸ்ஸிலிருந்து யாரும் பத்து இலக்கத்தைக் குறித்துக்கொள்வதில்லை. கடைப் பெயர், தொழில், எந்த இடத்துக்குப் பக்கம் என்ற அடையாளம் போதும். வீட்டுக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1959லிருந்தே இருக்கிறது. தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள் சுண்ணாம்பு அடித்து எழுதிவிட்டுப் போவதும் உண்டு, அந்த வருடம் சுவருக்குப் பணம் போடுமுன் யோசிக்க வேண்டும். சாலையோரம் அனுமதியில்லாமல் பிளெக்ஸ் பேனர் கட்டும் யோசனையை மட்டும் எந்தக் கணக்கிலும் சேர்க்கக் கூடாது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் அப்படி வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண் உயிரிழந்தார்.

இணைய விளம்பரத்துக்கு ஒரு பெரிய சோதனை நடந்திருக்கிறது, சின்னக் கடைக்கும் அது பொருந்தும். ஈபே நிறுவனம் தன் பெயரை அடித்துத் தேடுகிறவர்களுக்குக் காட்டும் விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தது. பொருளாதார அறிஞர்கள் பிளேக், நோஸ்கோ, டடெலிஸ் மூவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், விளம்பரத்தைத் தட்டி வந்துகொண்டிருந்தவர்கள் ஏறத்தாழ எல்லாரும் கீழே இருந்த இலவச இணைப்பைத் தட்டி வந்துவிட்டார்கள் என்று கண்டார்கள். அடிக்கடி வாங்குகிறவர்களிடம் விளம்பரத்தால் வித்தியாசமே இல்லை. புதியவர்களிடமும் எப்போதாவது வாங்குகிறவர்களிடமும்தான் பலன் தெரிந்தது. நம் தையல் கடைக்கு வந்த 9 பேரில் 3 பேர் பழையவர்கள் என்று பார்த்தோமே, அவர்களுக்காகப் போன பணமும் இதே வகை.

ஆகவே கூகுளில் பணம் கொடுத்து விளம்பரம் போடுகிறவர்கள், சொந்தக் கடைப் பெயரை விளம்பரச் சொல்லாக வைக்க வேண்டியதில்லை, பக்கத்துக் கடைக்காரர் நம் பெயரில் விளம்பரம் போடாதவரை. ‘ப்ளவுஸ் தையல்’, ‘ஆரி வேலை’ போன்ற சொற்களுக்கு மட்டும் போட்டால் போதும். எல்லா இணைய விளம்பரத்தையும் ஒருமுறை இரண்டு வாரம் நிறுத்தியும் பார்க்க வேண்டும். அதற்கு ஆடி போன்ற முகூர்த்தம் இல்லாத மாதம்தான் சரி. தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் எதை நிறுத்தினாலும் கூட்டம் குறையாது, எதைப் போட்டாலும் அதனால் கூடியதாகத் தோன்றும். அந்த மாதம் இரண்டு தையல்காரர்கள் தைத்துத் தர முடிகிற அளவு ஏற்கெனவே நிரம்பியிருக்கும், புதிதாக வருகிறவரைத் திருப்பி அனுப்புவதற்காக ஒரு ரூபாயும் விளம்பரத்தில் போட வேண்டாம்.